கறுத்துப் போன டீசல் சீட்டுகள்

துறைமுகத்துக்குக் கிட்ட என் வீட்டு முன்னறையில்தான் கணக்கு வேலை பார்க்கிறேன். சுற்றுலாக்காரரை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரர் ஒருவர், வருசத்துப் பற்றுச்சீட்டுகளை எல்லாம் படமெடுத்து வட்ஸ்அப்பில் கொட்டியிருந்தார். கீழே ஒரே வரி: "தங்கச்சி, வரிக்குப் பிரிச்சு விடுங்கோ."

பிரிக்கத் தொடங்கினேன். எஞ்சின் திருத்தம் ஒரு பக்கம், உயிர்காப்பு அங்கி ஒரு பக்கம், ஆட்களின் சம்பளம் இன்னொரு பக்கம். எல்லாம் கையால் எழுதின சீட்டுகள், வடிவாக வாசித்தேன். செட்டில் மெசினால் அடித்துத் தந்த டீசல் சீட்டுகளுக்கு வந்தேன், ஐயோ! படம் முழுக்க ஒரே கறுப்பு. போனைத் துடைத்துப் பார்த்தேன். அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததும் அப்படியே.

அவருக்குச் செலவென்றாலே டீசல்தான். அதைக் கழித்தால் வரி கொஞ்சம், மிச்சத்தில் இந்த வருசம் புது எஞ்சின் என்று இருந்தவர். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனுசி சீட்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தா. எல்லாம் பளபளவென்று பிளாஸ்ரிக்குக்குள்.

"போன வருசம் டீசல் துண்டெல்லாம் எழுத்து அழிஞ்சு வெள்ளையாப் போட்டுது. அதுதான் இந்த முறை லெமினேற் பண்ணினனான். மெசினாலை வரேக்கை கொஞ்சம் கறுப்பாத்தான் இருந்தது, மை ஊறினது, காய்ஞ்சாச் சரியாகும் எண்டு நினைச்சன்."

"அக்கா, அந்தத் தாளிலை சூட்டாலைதான் எழுத்து விழுறது! லெமினேற் மெசின் சூட்டுக்குள்ளை விட்டா முழுக்கக் கறுக்காமல் என்ன செய்யும்?" எனக்குச் சத்தம் கூடிவிட்டது.

பக்கத்துக் கதிரையில் இருந்த படகுக்காரர் அவசரமாகச் சொன்னார்: "எவ்வளவு டீசல் அடிச்சனான் எண்டு எனக்குத் தெரியுந்தானே. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

"ஏலாது அண்ணை. வரிக்காரர் கேட்டா எதைக் காட்டுவியள்? டீசல் அடிச்ச செட்டிலை துண்டைத் திரும்ப எடுத்துத் தருவினமோ?"

"போன வருசமே கேட்டனான். பழசு ஏலாதாம். காசாத்தானே குடுத்தது, வங்கியிலையும் பதிவில்லை."

எனக்கு வேறு வழி இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே டீசல் பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் நேரே 'வாசிக்க முடியவில்லை' என்று குறித்தேன். இப்படி ஒரு பரிதாபத்தை நான் கண்டதே இல்லை.

"அப்ப, கடலிலை எரிஞ்சு போன டீசலையும் எங்கடை கையிலை இருக்கிற லாபம் எண்டு பிடிப்பினமோ?" என்று அக்கா கேட்டா.

"ஓம் அக்கா."

அண்ணை மனுசியை ஒரு ஏச்சும் ஏசவில்லை. கதிரையை விட்டு எழும்பி, "விடு. எஞ்சினை அடுத்த வருசம் பாப்பம்" என்றார், அவ்வளவுதான்.

அவர் ஏசியிருந்தால் அக்கா தாங்கியிருப்பா. ஒரு சீட்டை எடுத்து, பிளாஸ்ரிக்கின் மூலையை நகத்தால் கிளப்பி உரிக்கத் தொடங்கினா. கறுத்த தாளும் அதோடு சேர்ந்து கிழிந்து வந்தது. அடுத்த சீட்டை எடுத்தா.