நான்கு காகிதப் பட்டைகளும் ஒரு காற்றும்

அந்த வயதில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். தமிழில் எனக்குத் தெரியாத சொல் இல்லை என்ற நினைப்பு வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு சின்ன வாரப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் நான் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தின் எழுத்துப் போட்டியைக் கட்டுவதும் என் வேலைதான்.

போட்டி இதுதான். கட்டம் கட்டமாக நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு சொல். வாசகர் அவற்றைத் தனித்தனிப் பட்டையாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். எங்காவது ஒரு நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாக, நான்கெழுத்துச் சொல் ஒன்று நிற்கும். பரிசு கிடையாது. சரியாக அனுப்பியவரின் பெயரும் ஊரும் அச்சில் வரும். அதற்கே போஸ்ட்கார்டுகள் குவியும்.

அந்த வாரம் நான் கொடுத்தவை: நடுக்கம், அச்சகம், அரசாங்கம், மன்றம். முதல் வரிசையின் ‘ந’, இரண்டாவதின் ‘க’, மூன்றாவதின் ‘ர’, நான்காவதின் கடைசி ‘ம்’ நேராக நின்றால் ‘நகரம்’. அச்சுக்கோப்பவரும் நானும் பட்டைகளை மேசையில் போட்டு ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ‘ககரம்’ என்று இன்னொன்று வந்தது. எழுத்தின் பெயர் ஏற்கப்படாது என்று அடிக்குறிப்பு போட்டு அதை அடைத்தேன். இனி ஓட்டை இல்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

விடை வெளியான மறுநாள் காலை ஒரு பெண் மீன்கூடையோடு வாசலில் வந்து நின்றாள். கனகசெட்டிக்குளத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தாள். கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து நான்கு பட்டைகளை எடுத்தாள். சிகரெட் அட்டையில் சோற்றுப்பசை தடவி ஒட்டியவை. மீன் வாடை வீசியது. நான் மூக்கைச் சுளித்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

“ஐயா, நான் எழுதிப் போட்டது தப்பா? பேரு வரலையே.”

“நகரம்னு எழுதினியாம்மா?”

“இல்லீங்க. கச்சான்.”

மேசையில் பட்டைகளை அடுக்கி நகர்த்திக் காட்டினாள். நடுக்கத்தின் ‘க’. அதன்கீழ் அச்சகத்தின் ‘ச்’. அரசாங்கத்தின் ‘சா’. மன்றத்தின் ‘ன்’. நான்கும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்படி ஒரு சொல்லே இல்லம்மா” என்றேன்.

“மேக்கேருந்து அடிக்கிற காத்துங்க. கரையிலேருந்து கடலப் பாத்துத் தள்ளும். போன வருசம் அந்தக் காத்துலதான் எங்க வூட்டுக்காரரு கரை சேர முடியாம ரெண்டு நாள் கட்டுமரத்துல கெடந்தாரு. நான் கரையில பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னேன். இல்லாத காத்தா ஐயா அது?”

அச்சுக்கோப்பவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்.

அவள் தொடர்ந்தாள். “எம் பொண்ணு பலகையப் பாத்துத்தான் நான் எழுத்துக் கத்துக்கிட்டேன். கெழவிக்குப் படிப்பு ஒரு கேடான்னு கரையே சிரிக்குது. இந்த வாரம் பேப்பர்ல எம் பேரு வரும் பாருன்னு சவால் வுட்டேன். நேத்து பேப்பரப் பாத்துட்டு அவரே சிரிச்சாரு. தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. இனிமே பேப்பரத் தொடமாட்டேன்.”

அகராதியைப் புரட்டினேன். கச்சான்: மேல்காற்று. கண்ணெதிரே இருந்தது. எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து மட்டும் ஓட்டை அடைத்திருக்கிறேன். தள்ளிவைத்த போஸ்ட்கார்டுகளைக் கிளறினேன். அவளுடையது அடியில் கிடந்தது. அதற்கு மேலே இன்னும் மூன்று கச்சான், எல்லாம் கடற்கரைக் குப்பத்து முகவரிகள். பிதற்றல் என்று ஒதுக்கியவன் நான்தான். அவமானத்தில் காது சுட்டது.

“தப்பு என்னுதும்மா. உங்க பதில் சரி. அடுத்த வாரம் பேரு வரும்” என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. பட்டைகளை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். திட்டுவார் என்று பயந்தேன். “பர்தோன் கேட்டா குடி முழுகிடாது, போடு” என்றார். மன்னிப்புக் குறிப்பை நானே எழுதினேன். அச்சுக்கோப்பவர் அவள் பெயரைத் தடித்த எழுத்தில் கோத்தார். நான் சொல்லவில்லை. அவராகச் செய்தது.

இதழ் வந்த அன்று அவள் வந்தாள். நான் படித்துக் காட்டப் போனேன். “இருங்க” என்று வாங்கிக்கொண்டாள். தெருவிலேயே நின்று, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் படித்தாள். பிறகு ஊரின் பெயரை. மீண்டும் தன் பெயரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாளை மடித்துக் கூடைக்குள் வைக்கப் போனவள், ஈரம் படும் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடையைத் தலையில் ஏற்றியபின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகம் வாடியிருந்திருக்க வேண்டும்.

“மனசு வுட்டுடாதீங்க ஐயா. ஒங்க பதிலும் சரிதான்” என்றாள்.