ஒத்திகைக் கடையில் விழுந்த ஆர்டர்

அந்தக் கடையில் அவளை எல்லோரும் ஒத்திகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்த அண்ணன் கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கேலி செய்கிறவன் நாளைக்கே வந்து, "அக்கா, அதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்" என்று நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

கடை அண்ணனுடையது. நோயாளிகளுக்கு வேண்டிய கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. வண்டியில் சாமான் கொண்டுபோய்ப் பூட்டித் தருவது அவள் கணவர். முதலில் அவள் போன் எடுக்கத்தான் வந்தாள். கடைக்கு ஒரு இணையதளம் போட்ட பிறகு அதுவும் அவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படிப்பட்ட பிறவி. புதுச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் போட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படித்தானா என்று யாராவது கேட்டால், அவள் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

ஒத்திகை என்கிற பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை, தளத்தை ஓட்டுகிற மென்பொருளுக்கு ஏதோ அப்டேட் வந்தது. அண்ணன் ஆர்வக்கோளாறில் நேராக நடப்புத் தளத்திலேயே அதை ஏற்றிவிட்டார். முகப்புப் பக்கம் பளபளவென்று இருந்தது. ஆர்டர் கொடுக்கிற பட்டன் மட்டும் காணாமல் போயிருந்தது. சனி, ஞாயிறு முழுக்க ஒரு ஆர்டர் கிடையாது. "என்னம்மா, ஊர்ல ஒருத்தனுக்கும் உடம்பு சரியில்லாமப் போகலையா?" என்று அண்ணன் வேறு திங்கட்கிழமை காலையில் கேட்டார். கேட்கிற கேள்வியா அது!

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி இணையத்தில் இடம் கொடுக்கிற கம்பெனி ஒன்று உண்டல்லவா, அவர்களிடம் பேசி, தளத்தை அப்படியே நகல் எடுத்து வேறொரு முகவரியில் வைத்துக்கொண்டாள். அதே பக்கங்கள், அதே படங்கள், அதே விலை. பார்த்தால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே தெரியாது, தெரியவும் கூடாது. எந்த மாற்றமானாலும் முதலில் நகலில் செய்து, வேண்டுமென்றே தாறுமாறாக அமுக்கிப் பார்த்து, உடைகிறதெல்லாம் அங்கேயே உடைந்து முடிந்த பிறகுதான் அசலுக்குக் கொண்டுபோவாள். அந்த நகலுக்கு அவள் வைத்த பெயர் ஒத்திகைக் கடை. தேடினால் அகப்படாதபடி செய்திருந்தாள். அங்கே போட்டுப் பார்க்கிற ஆர்டருக்கு யாருக்கும் மெயில் போகாதபடி மெயிலை நிறுத்தியிருந்தாள். கார்டு பணம் கட்டுகிற இடத்தைச் சோதனை நிலையில் வைத்திருந்தாள். வாசலுக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டிருந்தாள்.

அந்தக் கடவுச்சொல்தான் அண்ணனுக்கு ஆகவில்லை. புது வடிவமைப்பு தயாராகிக்கொண்டிருந்த நேரம், போனில் எடுத்து எடுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்று நச்சரித்துத் தீர்த்துவிட்டார். போகிறது போ, நாலு நாள்தானே என்று அவளும் பூட்டை எடுத்துவிட்டாள். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தானே இந்த இடத்தில் சறுக்கினாள்.

புதுத் தளத்தை ஏற்ற வேண்டிய நாள் வந்தது. அண்ணன் ஏற்கெனவே தமுக்கடிக்காத குறையாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மதியத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவள் கடைசியாக ஒருமுறை ஒத்திகை பார்க்க உட்கார்ந்தாள். அவள் வழக்கம் இது: அசலில் இந்த வாரம் வந்த ஆர்டர் விவரங்களைப் புதிதாக நகலுக்கு இறக்குவாள், புது வடிவமைப்பு அவற்றோடு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பாள். அப்படி இறக்கினால் நகலில் போட்டு வைத்த சோதனை ஆர்டர்கள் எல்லாம் அழிந்துபோகும். போனால் போகட்டும், அவை விளையாட்டு ஆர்டர்கள்தானே. இருந்தாலும் அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்ப்பாள்.

அவள் போடுகிற சோதனை ஆர்டர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'கோபக்கார நாத்தனார், இல்லாத தெரு' என்று ஒன்று. 'ஒன்பது சக்கர நாற்காலி கேட்கும் கொழுந்தன்' என்று இன்னொன்று. அவற்றுக்கு நடுவில் ஒரு பெண்ணின் முழுப் பெயர், முழு முகவரி, போன் நம்பர். கட்டில் ஒன்று. பணம் பொருள் வந்த பிறகு. கீழே குறிப்பு: அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறோம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, சாயங்காலத்துக்குள் கட்டில் வந்துவிட வேண்டும். கட்டில் வேண்டிய தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி.

இது அவள் போட்டதில்லை. கணவர் போட்டதில்லை. அசலில் தேடிப் பார்த்தாள், அங்கே அப்படி ஒரு ஆர்டரே கிடையாது. இருக்கவும் முடியாது, அசலுக்கும் நகலுக்கும் ஆர்டர் பெட்டி வேறு வேறு. யாரோ ஒரு பெண் ஒத்திகைக் கடையை நிஜக் கடை என்று நம்பி வாசல்படி ஏறியிருக்கிறாள். மெயில் போகவில்லை, வண்டிக்குச் சொல்லவில்லை, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகம் சுண்டிப்போனது. புதுத் தளம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று தனக்குத் தெரிந்த நர்ஸ் அம்மாக்களுக்கெல்லாம் நகலின் லிங்கை அனுப்பியிருக்கிறார், மனுஷன்! அதில் யாரோ ஒருவர் இந்தப் பெண்ணுக்குத் தட்டிவிட்டிருக்க வேண்டும். பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். ஒத்திகைக் கடையை அப்படியே மொத்தமாகத் தூக்கி அசல் மேல் போட்டுவிட்டால் என்ன? புது வடிவமைப்பும் போய்விடும், அந்த ஆர்டரும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார்.

"அண்ணா, அப்படிப் போட்டா இந்த ஒரு ஆர்டர் வரும். நகல் எடுத்ததுக்கு அப்புறம் அசல்ல வந்த அத்தனை ஆர்டரும் போயிடும். ஒருத்தரைக் காப்பாத்த அத்தனை பேரை நடுத்தெருவுல விடச் சொல்றியா?"

அவள் முதல் வேலையாக ஒத்திகைக் கடையின் வாசலில் மறுபடியும் பூட்டுப் போட்டாள். பிறகு ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இதைப் போல இன்னொன்று இருக்குமோ என்று. நல்ல வேளை, இல்லை. அந்தப் பெண்ணின் ஆர்டரை அசலில் கையாலேயே புதிதாக எழுதிச் சேர்த்தாள். இன்றைக்குப் புதுத் தளம் ஏறாது என்று அண்ணனிடம் தீர்த்துச் சொன்னாள். சொன்ன வாக்கு என்னாவது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் இழுத்தார். "தளம் நாளைக்கு ஏறலாம், அவங்க அப்பா இன்னிக்குத்தான் வர்றாரு" என்றாள்.

போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் போல. எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும், கட்டில் போயாக வேண்டும். ஆனால் கட்டில் எங்கே இருக்கிறது? இருந்ததெல்லாம் வாடகைக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது கடை முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால், ரிமோட்டில் ஏறி இறங்குகிற புதுக் கட்டில் ஒன்றுதான். அண்ணன் அதைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவரே எழுந்து போய் உறையைக் கிழித்தார். கீழ்ச் சட்டத்தைக் கழற்றும்போது, வாடகை சாதாரணக் கட்டிலுக்கு என்னவோ அதையே போடு என்று முணுமுணுத்தார்.

மூன்று மாடிக்கு அவளும் கணவரும் கட்டிலைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டாவது மாடியில் அவள் முழங்கால், என்னை விட்டுவிடு என்று கெஞ்சியது. அவள் விடவில்லை. கதவைத் திறந்த பெண் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு முன்னால் வந்திருந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அந்த அறையைப் பார்த்தபோதுதான் ஒத்திகை அக்காவுக்குக் கண் கலங்கியது. பழைய கட்டிலை யாருக்கோ கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தரையைக் கூட்டித் துடைத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலுக்கென்று இடம் விட்டு, மடித்த போர்வையும் தலையணையும் ஒரு நாற்காலி மேல் தயாராக இருந்தன.

"மெயில் எதுவும் வரலை. போன் பண்ணிக் கேக்கவும் பயமா இருந்தது. இல்லைன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?" என்றாள் அந்தப் பெண்.

தப்பு எங்கள் மேல்தான் என்று அவள் நேராகச் சொன்னாள். நீங்கள் வந்தது எங்கள் சோதனைத் தளம், அதைப் பூட்டாமல் விட்டது நான் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது பாதிதான் புரிந்தது. புரிந்த வரைக்கும் போதும் என்று தலையாட்டினாள்.

கணவர் சட்டங்களைப் பூட்டி முடித்தார். போர்வையை விரிக்க அந்தப் பெண் வந்தபோது, ஒரு நிமிஷம் என்று ஒத்திகை அக்கா கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். ரிமோட்டை அமுக்கித் தலைப்பக்கத்தை ஏற்றினாள், இறக்கினாள். கால்பக்கத்தை ஏற்றினாள், இறக்கினாள். புரண்டு பார்த்தாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் இறங்கவில்லை. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, அது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கினாள்.

பெரியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். புதுக் கட்டில்தாங்க ஐயா என்று ஒத்திகை அக்கா சொல்ல, மெதுவாகக் கட்டிலில் கிடத்தினார்கள். மகள் ரிமோட்டை அமுக்கினாள், தலைப்பக்கம் சத்தமில்லாமல் எழுந்தது. அவருக்கு ஜன்னல் தெரிந்தது. உள்ளங்கையால் மெத்தையைத் தடவிப் பார்த்தார்.

"புதுக் கட்டில்னு சொன்னீங்க," என்றார், "சூடா இருக்கே. யாராவது படுத்திருந்தாங்களா?"

"நான்தாங்க ஐயா," என்றாள் ஒத்திகை அக்கா. "உங்களுக்கு முன்னாடி ஒரு தடவை படுத்துப் பார்த்தேன்."