அந்த ஒற்றை வரியும் மூன்று லிங்குகளும்

ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது எனக்கு. சாம்பார் கொதிக்கும்போதே மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஜாதி. இரண்டாயிரத்து ஏழில் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்து தமிழில் பாட்காஸ்ட் நடத்தினோம். பேட்டி எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவன். ஊருக்குச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு எபிசோடுக்கும் விருந்தாளி யார் என்று இரண்டு வரி, அவர் சொன்னதில் மனதில் நிற்கிற ஒரே ஒரு வரி, கீழே மூன்று லிங்க். ஒன்று வலைப்பதிவிலேயே கேட்க, ஒன்று எம்பி3 கோப்பை இறக்கிக்கொள்ள, ஒன்று சந்தாதாரர் ஆக. அந்த ஒற்றை வரியைப் படித்தவன் லிங்கை அமுக்காமல் போகக் கூடாது என்பது என் கொள்கை. கொள்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அப்போது நான் புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் டீச்சர். அங்கே வாசலில் இருந்த வாட்ச்மேன்தான் அந்த வார விருந்தாளி. ஐம்பது தாண்டியவர், வீடு புதுச்சேரிக் கதிர்காமம். மில் மூடுகிறவரை தறிக்கூடத்தில் இருந்தவர். நண்பன் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேட்டி எடுத்து, நாற்பது நிமிடமாக வெட்டி, புதன்கிழமை சி.டி.யில் போட்டுக் கொடுத்தான்.

பதினான்காவது நிமிடத்தில் அது வந்தது. "தறி ஓட்டம் நின்னுச்சு பாரு, அன்னிக்குதான் எனக்குக் காது கேக்கலன்னே தெரிஞ்சுது."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அப்போதே எழுத உட்கார்ந்தேன். மீதி இருபத்தாறு நிமிடத்தை நான் கேட்கவில்லை. 'அவசியம் முழுதாகக் கேளுங்கள்' என்று கடைசி வரியாக எழுதினேன். இதை இன்று எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆனால் அவரிடம் அனுமதி கேட்காமல் போட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, மறுநாள் காலை வாசலில் அவரிடம் போய் நின்றேன். பக்கத்தில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் நின்று, காகிதத்தைப் பார்த்தபடி வரியைப் படித்துக் காட்டி, "இதையே போட்டுடறேன், சரியாண்ணா?" என்றேன். தலையாட்டினார். சிரிக்கவும் செய்தார். எனக்கு அது போதும், மாடிக்கு ஓடிவிட்டேன்.

பத்து மணிக்குள் வலைப்பதிவில் ஏற்றி, எங்கள் மடல் பட்டியலில் இருந்த நூற்றுச்சொச்சம் பேருக்கும் அனுப்பினேன். ஆசை அடங்கவில்லை. பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்து மையத்து அறிவிப்புப் பலகையிலும் குத்தினேன். அவர் படம், அந்த வரி, கீழே முழ நீளத்துக்கு லிங்க். ஒரு மாணவி நின்று பார்த்துவிட்டு, "மிஸ், பேப்பர்ல இருக்கற லிங்க்க எங்க கிளிக் பண்றது?" என்றாள். உலகத்தை மாற்ற வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சலாக இருந்தது.

அன்று முழுக்க பாடம் நடத்தவில்லை, எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மூன்று, சாயங்காலமும் மூன்று. அதில் ஒன்று நான், ஒன்று நண்பன், ஒன்று பாரிசில் இருக்கிற அவன் சித்தப்பா. ஆனால் வரியைப் பற்றிப் பதில் மடல்கள் வந்துகொண்டே இருந்தன. பிரமாதம், கண் கலங்கிவிட்டது, இன்னும் கேட்கவில்லை, கேட்டுவிட்டு எழுதுகிறேன். கேட்டுவிட்டு ஒருவரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். பலகையில் இருந்த தாள் அவர் மேஜைமேல் கிடந்தது.

"வாட்ச்மேனுக்குக் காது கேக்காதா? இத்தினி நாளா எனக்கே தெரியாது. நல்ல வேள, நீங்க போட்டீங்க. செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டேன், திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆள் வரும்."

கீழே இறங்கி வந்தேன். சேதி அவருக்கும் போயிருந்தது. நாற்காலியில் உட்காராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் டீச்சர் அதப் போய் எழுதி ஒட்டினீங்க? பேசனது பேசனதுதான், இல்லங்கல. அதையா எடுத்து ஒட்டறது? எம்பொண்ணு காலேஜு முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"நான் உங்ககிட்ட படிச்சுக் காட்டினேனே, நீங்க தலையாட்டினீங்களே" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். நண்பனுக்குப் போன் செய்தேன். "நீ முழுசா கேட்டியா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. "மேனேஜரையும் கேக்க வை. நீயும் கூட உக்காந்து கேளு. எங்கயும் எழுந்து போவாத" என்றான்.

சி.டி. வீட்டில் இருந்தது. போய் எடுத்து வரப் பொறுமை இல்லை. மேனேஜர் அறைக் கணினியில் நான் அனுப்பிய லிங்கையே அமுக்கினேன். கோப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் நகத்தைக் கடித்தேன். இறக்கியவர் கணக்கு மூன்று நான்காக மாறியது அன்றைக்குத்தான்.

நேராகப் பதினான்காவது நிமிடத்துக்கு இழுத்து ஓடவிட்டேன். அந்த வரி வந்தது, தாண்டியது. பிறகு அவர் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. "எடது சுத்தமா போச்சு. வலது ஓரளவுக்கு இருக்குது. அதனால நாற்காலிய எப்பவும் செவுத்தோரமா போடுவேன். எடது செவுத்துக்கு, வலது கேட்டுக்கு. கையி கேட்டு மேலயே இருக்கும். எவன் தொட்டாலும் கம்பி அதிரும் பாரு, அதுல தெரிஞ்சுடும். ஆறு வருஷத்துல ஒரு சைக்கிள் தொலஞ்சதில்ல."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் சைக்கிள் நிறுத்துமிடத்தை நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நண்பன் கேட்கிறான்: "எடதுபக்கம் யாராவது வந்து பேசினா?"

அவர் சிரிக்கிறார். "தலைய ஆட்டிடுவேன். ஆட்டிட்டா அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. மறுபடி யாரும் கேக்க மாட்டாங்க, தம்பி."

மேனேஜரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் காலையில் நான் நின்றது சுவர்ப் பக்கம்.

ஏஜென்சிக்கு இரண்டாவது போன் போனது. அதை நின்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்தேன். பலகையில் தாள் இல்லை. வலைப்பதிவு என் கையில் இருந்தது. போன மடல்களைத் திரும்பப் பிடிக்க முடியாது, பாரிஸ் சித்தப்பா இறக்கிக்கொண்ட கோப்பையும் நான் அழிக்க முடியாது. முடிந்ததையாவது கேட்டுச் செய்வோம் என்று வாசலுக்குப் போனேன். வேலை போகவில்லை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். வெட்கமாக இருந்தது. ஒரு வேன் உறுமிக்கொண்டு நின்றது. "வலைப்பதிவுலேர்ந்து அந்த வரிய எடுத்துடவா, இருக்கட்டுமாண்ணா?" என்றேன்.

தலையாட்டினார்.

நான் நகரவில்லை. சுற்றி வந்து வலப்பக்கம் நின்று, வேன் போகிறவரை காத்திருந்து, முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டேன்.

"எடுத்துடு டீச்சர். அது எனக்கு ஆன கதை. நாற்காலி போடறேன் பாரு, அதப் போடு. அது என் வேல."

மேலே போய் மாற்றினேன். அன்றைக்கு எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.