தெருவே திறந்தது

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கேட்டுக்கு மோட்டார் மாட்டுவதுதான் தொழில். எங்கள் தெருவில் ரிமோட்டில் திறக்கும் கேட் எல்லாமே அவர் கைவேலைதான். குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "எங்க கேட் அப்பப்போ தானா திறக்குதுங்க" என்று எதிர் வீட்டம்மா முறையிட்டபோதுகூட, "பசங்க கையில ரிமோட்டைக் குடுத்தா அப்படித்தாம்மா" என்று கத்தி அனுப்பிவிட்டார்.

அவருடைய ரிமோட் அடிக்கடி காணாமல் போகும். அதனால் போனிலேயே கேட்டைத் திறக்க வழி செய்யச் சொன்னார். சின்னக் கண்ட்ரோலர் போர்டில் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவரை மாட்டி, ரிமோட்டை அழுத்தினேன். எத்தனை முறை அழுத்தினாலும் லேப்டாப்பில் அதே துடிப்புகள் வந்தன. ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஈயம் வைத்து வீட்டுக்கு வீடு கோட் எண்ணை மாற்றுவதற்கான எட்டு இடங்களிலும் ஒரு பொட்டு ஈயம்கூட இல்லை.

"என்ன மாமா, கோடே வைக்கலையா?"

"கடையில வாங்கினபடியே வேலை செஞ்சுது. அதை எதுக்கு நோண்டணும்?"

ரிமோட்டின் சிக்னல் தெருவைத் தாண்டவே திணறும். நான் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கு நீளமான ஆண்டெனா கம்பி வைத்து, லேப்டாப்பில் பதிந்த கோட் எண்ணை மாடியிலிருந்து அனுப்பினேன்.

எங்கள் கேட் திறந்தது. எதிர் வீட்டு கேட்டும் திறந்தது. அதற்கடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு என்று தெருக்கோடி வரை கேட்டுகள் நகர்ந்தன. மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தது போல நின்றார்.

கீழே எதிர் வீட்டம்மா தன் இரண்டு பையன்களையும் வெளியே இழுத்துவந்து, ஆளுக்கொரு அறை விட்டாள்.