திருத்தி அடித்த இரண்டு வரிகள்

தட்டச்சுக் கடைக்காரியை எல்லோரும் ‘எக்ஸ்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் கிறுக்கிய சீட்டானாலும், வக்கீல் குமாஸ்தா அவசரத்தில் இழுத்த கோடானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பள்ளி ஆண்டு மலருக்காகத் தமிழ் டீச்சர் ஒரு கட்டு நோட்டுப் பக்கங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“பிள்ளைங்க எழுதினதை அப்படியே அடிங்க. பிழை இருந்தாலும் திருத்தாதீங்க. புரியலைன்னா வட்டம் போட்டு வைங்க, நான் வந்து சொல்றேன்.”

“எனக்கா புரியாது?” என்று அக்கா சிரித்தாள்.

சின்னப் பிள்ளைகளின் எழுத்து சும்மா இல்லை. ஒருத்தனுக்கு ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. ‘பாடம்’ என்பது ‘பரடம்’ என்று நிற்கும். ஒருத்திக்கு ‘கு’வும் ‘சு’வும் இரட்டைப் பிள்ளைகள். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாமல் ‘கேட்டான்’ ‘கெட்டான்’ ஆகிவிடும். புள்ளி வைக்கப் பாதிப் பேருக்குப் பொறுமை கிடையாது. சந்தேகம் வந்தால் அதே பிள்ளை அதே எழுத்தை வேறு வார்த்தையில் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியும். அன்றைக்கு இருபது பக்கம் தாண்டியதும் அவள் பார்க்கவில்லை.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘என் வீடு’ என்று எழுதியிருந்தாள். ‘என் நாய் வாசலில் காத்திருப்பாள். நொண்டி நொண்டி ஓடி வருவாள்’ என்று அக்கா வாசித்தாள். நாய்க்குப் போய் ‘பாள்’ போடுகிறதே இந்தப் பிள்ளை என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். ‘காத்திருக்கும்’, ‘வரும்’ என்று திருத்தி அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். வட்டம் ஒன்றும் போடவில்லை.

மலர் அச்சாகி வந்த மறுநாள் டீச்சர் போன் செய்தார்.

“அது தாய்ங்க, நாய் இல்ல. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குக் கால் சரியில்ல. வகுப்புல எல்லாரும் அவளைப் பார்த்துக் குரைச்சுக் காட்டுறாங்க.”

அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது. “நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு டீச்சர். எழுத்து அந்த லட்சணம்.”

“அப்படியா? சரி, எழுத்தைத் திருத்தச் சொல்றேன்” என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் அக்கா சிறுமியின் நோட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். தகரத்தின் இடப்பக்கச் சுழியை அந்தச் சிறுமி மூடாமல் விட்டிருந்தாள். அவசரத்தில் நகரம் மாதிரி தெரியும். ஆனால் அடுத்த வரியிலேயே ‘தண்ணீர்’ இருந்தது. அதிலும் அதே மூடாத சுழி. மேலே ‘நான்’ இருந்தது. அந்த நகரம் வேறு மாதிரி, குச்சி போல நேராக நின்றது. போதாததற்கு ‘காத்திருப்பாள்’, ‘வருவாள்’ இரண்டும் புள்ளி வைத்துத் தெளிவாக இருந்தன. எழுத்து ஏமாற்றவில்லை. அக்கா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் விலாசம் கேட்டுக்கொண்டு போனாள். சிறுமியின் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சிறுமி தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்கத் த, த, த.

“இருநூறு தடவை எழுதச் சொல்லியிருக்காங்க” என்றாள் அம்மா. “நீங்க யாரு?”

மலரைத் தட்டச்சு செய்தது தான்தான் என்று அக்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிறுமி நிமிர்ந்தாள்.

“‘பாள்’னு எழுதியிருந்தேனே. அதைப் படிக்கலையா?”

“படிச்சேன்மா. நான்தான் மாத்தினேன். டீச்சர்கிட்ட பழியை உன்மேல போட்டுட்டேன்.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் அக்கா போனாள். முதலில் டீச்சரிடம், பிறகு நான்காம் வகுப்பு முன்னால் நின்று, இரண்டு வரியையும் தான் மாற்றியதைச் சொன்னாள். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்குக் காது மடல் எரிந்தது. இந்தச் சிரிப்பை அந்தப் பிள்ளை இரண்டு நாளாகத் தனியாகத் தாங்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது தலை இன்னும் தாழ்ந்தது.

திருத்திய பக்கத்தைப் புதிதாக அச்சடித்து ஒவ்வொரு மலரிலும் ஒட்டித் தருவதாக டீச்சரிடம் ஒப்புக்கொண்டாள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பு தாளைச் சிறுமியிடம் நீட்டினாள். அவள் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஓர் இடத்தில் நின்று பென்சிலால் வட்டம் போட்டாள்.

“இங்க புள்ளி விட்டுப்போச்சு” என்றாள். தாளைத் திருப்பி நீட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.