பச்சைக் கட்டங்கள்

தாராவியில் தோல்பை தைக்கும் கரீம் பாட்சாவின் மகள் சாயிராவுக்குப் பிடிவாதம் பிறவிக்குணம். தோல் பதனிடும் பெண்களின் கூலியைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்குவேன் என்று நின்றாள். பல்கலைக்கழகப் பதிவுக்குக் கெடு உண்டு, ஒருமுறைதான் நீட்டிப்பார்கள். அதையும் வாப்பா நோயில் படுத்த வருஷத்தில் வாங்கியாகிவிட்டது. இனி மே கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் முன்மொழிவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அதனால் பெரிய தாளில் கட்டம் போட்டாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழுத, வழிகாட்டி சார் படிக்க, திருத்த, சார் மறுபடி பார்க்க என்று வாரங்கள். கடைசியில் டைப்பிங், பைண்டிங். காய்ச்சல், மழை, ரயில் நின்று போவது, எதற்கும் இருக்கட்டும் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் உபரி வாரங்கள் விட்டு, அவற்றுக்குப் பச்சை தீட்டினாள்.

அங்கேதான் பிசகினாள். அந்தத் தாளை அப்படியே மாட்டுங்காவில் வழிகாட்டி திருவேங்கடம் சாரிடம் கொடுத்தாள்.

"பேஷ்! இப்படின்னா இருக்கணும்!" என்று அவர் அதைத் தன் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிக்கொண்டார்.

முதல் அத்தியாயம் போனது. சார் படிக்க வேண்டிய வாரங்கள் முடிந்தன. போய் நின்றாள்.

சார் சுவரைப் பார்த்தார். "பச்சை பாக்கி இருக்கேம்மா. என்ன அவசரம்?"

"சார், அது என் எழுத்து தாமசமானா..."

"உனக்குத் தாமசம் ஆகலியே. கெட்டிக்காரி!"

அவள் வேகமாக எழுத எழுத, மிஞ்சிய நாளெல்லாம் சார் கணக்கில் போனது. கெட்ட மனுஷர் இல்லை. வரிக்கு வரி படிப்பார், ஓரத்தில் எழுதுவார். ஆனால் பச்சை தீரும் நாளில்தான் கையில் எடுப்பார். ஐந்தாம் அத்தியாயத்தில் பச்சை தீர்ந்த பிறகும் பிரதி திரும்பவில்லை. வந்தபோது, இரண்டாம் அத்தியாய அட்டவணைகளையும் மாற்றச் சொல்லி எழுதியிருந்தார். மாற்றினாள். முழுப்பிரதியை அவரிடம் சேர்த்தபோது மே பாதி தாண்டிவிட்டது.

மாதக் கடைசியில் கைகூப்பி நின்றாள். "வழிகாட்டி சான்றிதழ்ல கையெழுத்து மட்டும் போடுங்க சார். டைப் அடிக்க ஆள் காத்துக்கிட்டிருக்கு."

"முழுசும் சேர்த்து ஒருதரம் படிக்காம எப்படிம்மா? கண்ண மூடிண்டு கையெழுத்துப் போடறவன் நானில்லே. கெடுவுக்கு நான் சிபாரிசு எழுதித் தரேன்."

எழுதித்தான் கொடுத்தார். இரண்டாம் நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை என்று குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். ஜூனில் பதிவு ரத்தானது.

வாப்பா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, எல்லாந்தான் எழுதி முடிச்சிட்டியே. ஒண்ணுக்கும் ஆவாதா?"

"கையெழுத்து இல்லாம அது வெறுங் காயிதம் வாப்பா."

"புதுசாப் பதிஞ்சா?"

"அவருட்டதான் போவணும். இந்த விஷயத்துக்கு வேற சார் கிடையாது."

கரீம் பாட்சா மறுபடி ஊசியை எடுத்தார். அவள் பசை டப்பாவை இழுத்துப்போட்டுப் பைகளுக்கு உள்துணி ஒட்ட உட்கார்ந்தாள். அன்று மட்டுமல்ல, அந்த மழைக்காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.