சொதியும் உறைக்கும்

சொதியும் உறைக்கும் என்பதை நான் அறிந்துகொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. திருகோணமலையில் பிறந்து, பல் முளைத்த நாளிலிருந்து இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் தோய்த்துத் தின்றவள் நான். எனக்கு இதை நோர்வேயின் வடக்கே, ஒரு முதியோர் இல்லத்தின் தேநீர் அறையில், வெள்ளைக்காரப் பெண்ணொருவர் இருமி இருமித் தெரியப்படுத்த வேண்டியிருந்தது.

அந்த இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்கிறேன். பல நாட்டவர் வேலை செய்யும் இடம். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கலாசார மாலை என்று ஒன்று வைப்பார்கள். அவரவர் நாட்டுக்கு ஒரு மேசை, அதில் அவரவர் சாப்பாடு. இலங்கை மேசைக்கு நாங்கள் இரண்டே பேர்: நானும், அங்கே சமையலறையில் வேலை செய்யும் மூதூர் முஸ்லிம் அக்காவும். ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஊரில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு குடாக்கடல் கிடந்தது. இங்கே ஒரு நடைபாதைதான்.

முந்திய ஆண்டு நாங்கள் இருவரும் கை வலிக்க வலிக்கக் கறியை உள்ளே வைத்து ரோல்ஸ் சுற்றி, இறால் குழம்பு வைத்துக் கொண்டுபோனோம். வந்தவர்கள் சிரித்தார்கள், நிறத்தைப் புகழ்ந்தார்கள், நகத்தளவு கிள்ளி வாயில் வைத்தார்கள், தண்ணீர் தேடி ஓடினார்கள். பக்கத்து மேசையில் போலந்துக்காரியின் கொழுக்கட்டை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. எங்களுடையது முழுதாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான்கு நாட்களாக அதையே தின்றோம். நான்கு நாட்களும் நான் அந்த ஊர் நாக்குகளைத் திட்டித் தீர்த்தேன்.

ஆனால் ஒருவரை மட்டும் திட்ட முடியவில்லை. ஆறு ஆண்டுகளாக என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் அந்த வெள்ளைக்காரப் பெண் அவர். நோயாளிகளைத் தூக்கும்போது மறுபக்கம் பிடிக்கும் கை அவருடையது. அம்மா ஊரில் இறந்து நான் போக முடியாமல் கிடந்தபோது, இரண்டு கிழமைகள் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். அன்று என் மனம் கோணக்கூடாது என்று இறால் குழம்பை ஒரு கரண்டி முழுதாகச் சாப்பிட்டார். காது சிவந்து, கண் கலங்கி, மூன்று குவளை பால் குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றார். அதன் பிறகு நான் எதைக் கொண்டுபோனாலும் "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பார்.

இந்த ஆண்டுக் கலாசார மாலை முடிந்த மறு கிழமையே அவர் மகளோடு இருக்கத் தெற்கே போய்விடுவார் என்று முன்கூட்டியே தெரிந்தது. எனக்கு நன்றி என்று நாலு பேர் முன்னால் பேச வராது. எங்கள் வீட்டில் யாருமே அப்படிப் பேசியதில்லை. தட்டில் இன்னொரு கரண்டி போடுவோம், அவ்வளவுதான். அவர் போவதற்கு முன் என் கையால் ஒரு தடவையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும். அது மட்டும்தான் என் ஆசை.

தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஊரில், உட்துறைமுக வீதிக்குக் கிட்ட இருக்கிறாள். நான் கவலையோடு கேட்க, அவள் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்றை முற்றத்திலிருந்து விரட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இதுக்கேன் அக்கா இவ்வளவு யோசினை? சொதி வையுங்கோ. சொதியில என்ன உறைப்பு இருக்கு? சின்னப் பிள்ளையளுக்கெல்லாம் அதைத்தானே குடுக்கிறம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. மிளகாய்த்தூளே கிடையாது. வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால். அன்றே வைத்தேன். அவரை நினைத்து ஐந்து பச்சை மிளகாய்க்குப் பதிலாக மூன்றுதான் கீறிப் போட்டேன். என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன, சுடுதண்ணியோ?" என்றார். ராத்தா ருசித்துப் பார்த்து, "உப்புக் கூட காணாது புள்ள" என்றார். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை என்று எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் தேநீர் அறையில் அவரிடம் ஒரு சிறு கிண்ணத்தை நீட்டினேன். "இதில் உறைப்பே இல்லை. பயப்படாதீர்கள்" என்றேன். இரண்டாவது கரண்டியில் இருமல் பிடித்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருமினார். எனக்கு அவமானம், அதோடு கோபமும்.

"இதை நாங்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம்!" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழந்தைகளுக்கா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்தால், அடுத்து சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்துவிடுவார் போலிருந்தது.

அன்று பின்னேரம் சமையலறைக்குப் போய் ராத்தாவிடம் கொட்டித் தீர்த்தேன். இந்த முறை மேசைக்கு நான் ஒன்றும் செய்யப் போவதில்லை, கடையில் பிஸ்கட் வாங்கி வைப்போம், அவர்கள் அதைத் தின்னட்டும் என்றேன். ராத்தா பாத்திரம் அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"உறைக்குதா இல்லையான்னு ஒண்ட புருசன்ட கேட்டாய். எங்கிட்ட கேட்டாய். ஊருல தங்கச்சிட்ட கேட்டாய். தின்னப் போறது அவதானே புள்ள, அவட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. விருந்தாளியிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது எங்கள் வளர்ப்பில் இல்லை. அவர்கள் "எதுவும் வேண்டாம்" என்பார்கள், நாங்கள் பத்து வகை வைப்போம். அதுதான் முறை. என்றாலும் வெட்கத்தை விட்டு அடுத்த நாள் கேட்டேன்.

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதுபோல. வாய் எரிவது மட்டுமல்ல என்றார். கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்கிற வாசனையே தொண்டையைப் பிடிக்கிறதாம். பல ருசிகள் ஒன்றாக வரும்போது எதைக் கவனிப்பதென்று தெரியவில்லையாம். மெதுவாக, சூடாக, ஒரே ருசியாக இருந்தால் பிடிக்கும் என்றார். "பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சி போல. உனக்கும் ஒரு முறை கொண்டுவந்தேனே."

கொண்டுவந்தார்தான். அம்மா இறந்த மூன்றாம் நாள், துவாயில் சுற்றிய ஒரு பானையோடு படியேறி வந்தார். அவர் போன பிறகு மூடியைத் திறந்தேன். பாலில் குழைந்த சோறு, மேலே சீனியும் கறுவாப்பட்டைத் தூளும், நடுவில் உருகும் பட்டர். சாவுத் துடக்குள்ள வீட்டில் இனிப்புப் பொங்கலா? முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் யார் அப்படி ஒன்றை அடுப்பில் ஏற்றுவார்கள்? அவ்வளவையும் கொட்டிவிட்டு, பானையைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்து, "மிகவும் நன்றாக இருந்தது" என்று சொன்னேன்.

தேநீர் அறையில் இருந்தபடியே நான் முடிவெடுத்தேன். புக்கைதான், எங்கள் சர்க்கரைப் பொங்கல்.

தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை. "ஆக்களைக் கூப்பிட்டு வைச்சுப் புக்கையோ? பொங்கலே நடக்குது? ஒரு இறைச்சிக் கறியாவது இல்லாம எப்பிடி அக்கா? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றாள். உண்மையில் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். காரமான கறி வைக்காத வீடு, வைக்க வக்கில்லாத வீடு என்ற நினைப்பு எங்கள் எலும்பில் ஊறிப்போனது. ஆனால் அந்தப் பயத்துக்குத்தான் போன வருடம் நான்கு நாள் இறால் குழம்பு தின்றோமே.

ராத்தா வட்டிலப்பம் செய்கிறேன் என்றார். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி. ஏலக்காய் இந்த ஊர்க்காரர் தங்கள் இனிப்புப் பணிஸிலேயே போடுவதுதான், அதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள். கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, போடக்கூடாது, இல்லத்தில் ஒருவருக்கு ஒவ்வாது என்று ராத்தாவே நிறுத்தினார். ஒவ்வொரு சாப்பாட்டின் முன்னாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதிவைத்தோம். உருளைக்கிழங்குப் பாற்கறிக்குப் பச்சை மிளகாயே இல்லை. வெங்காயமும் மஞ்சளும் ஒரு துண்டுக் கறுவாவும் மட்டும். தாளிக்கவுமில்லை. தாளிக்காமல் அடுப்பை நிறுத்தியபோது ஏதோ பாதியில் விட்டுவிட்டுப் போகிறமாதிரி இருந்தது. உறைப்பான கட்டுச்சம்பலை மூடியோடு மேசையின் ஓரத்தில், சிவப்புக் கடதாசி ஒட்டி வைத்தோம். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

புக்கைக்கு அவர்களுடைய கஞ்சி அரிசியையே வாங்கினேன். உருண்டையான, குழைகிற அரிசி. எங்கள் பச்சையரிசியைவிட நன்றாகப் பொங்கியது. பயறை வாசம் வரும்வரை வறுக்காமல் இலேசாகச் சூடுகாட்டினேன். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன்.

கலாசார மாலையன்று அவர் கடைசியாகத்தான் எங்கள் மேசைக்கு வந்தார். தூரத்தில் நின்று பார்த்து, மற்றவர்கள் இருமுகிறார்களா என்று கவனித்ததை நான் கண்டேன். பிறகு வந்து, தட்டில் கொஞ்சம் புக்கை போட்டு, நின்றபடியே ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். போயிற்று என்று நினைத்தேன். அவர் பாண் துண்டுகளும் பட்டரும் இருந்த மேசைக்கு நடந்துபோய், ஒரு கட்டி பட்டரை எடுத்துவந்து தன் தட்டில் இருந்த புக்கையின் நடுவில் வைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ராத்தா என் தொடையில் கிள்ளினார். "புக்கைக்கு நாம நெய் உடுறல்லையா?" என்றார் மெதுவாக.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். தட்டு முடிந்தது. இரண்டாவது தட்டையும் கேட்டு வாங்கினார். கரண்டியால் தட்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்டபோது என்னால் அடக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கொண்டுவந்த கஞ்சியை நான் சாப்பிடவில்லை, கொட்டினேன், பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்," என்றார். "பானையைத் தந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அதனால்தான் மறுநாள் வெறும் பாணும் வாழைப்பழமும் கொண்டுவந்தேன்."

அந்தப் பாணை நான் சாப்பிட்டேன். அம்மா போன பிறகு என் தொண்டைக்குள் இறங்கிய முதல் உணவு அதுதான். கஞ்சிக்குப் பிறகு ஏன் பாண் வந்தது என்று இத்தனை காலமும் நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

அவருடைய தட்டை வாங்கி இன்னும் கொஞ்சம் புக்கை போட்டேன். போதும் என்று அவர் சொல்லவில்லை.